தேக்காவில் வாங்கிய கீழாநெல்லிக்குச் சென்னையில் அனுமதி

சிங்கப்பூரின் தேக்காவில் நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த கீழாநெல்லி வாங்கி, வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே பொட்டலத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், சாற்றைப் பிரித்து, எந்தச் சேர்மம் வேலை செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். இலை தமிழ்நாட்டிலிருந்து வந்ததென்றால், இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி, சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும்.

"சிங்கப்பூர் நகோயா நெறிமுறையில் சேரவில்லையே, நமக்கென்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். செடி, விலங்கு போன்ற உயிர் வளங்களிலிருந்து கிடைக்கும் பயனை, அவற்றைக் கொடுத்த நாட்டோடு பகிர்ந்துகொள்வது பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் அது. சிங்கப்பூர் அதில் சேரவில்லை என்பது சரி. ஆனால் கடமை வருவது வளத்தைக் கொடுத்த நாட்டின் சட்டத்திலிருந்து. 1992இல் உருவான பல்லுயிர் உடன்படிக்கையின் 15ஆம் விதி, தன் மரபணு வளங்களை யார் எடுக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அந்தந்த நாட்டு அரசுக்கே கொடுத்திருக்கிறது. அந்த உடன்படிக்கையில் சிங்கப்பூரும் உறுப்பு நாடு.

இரண்டாவது குழப்பம், "கடையில் காசு கொடுத்து வாங்கினேன், ரசீது இருக்கிறது" என்பது. வணிகப் பண்டமாக வழக்கமாக விற்கப்படும் சில தாவரப் பொருட்களுக்கு இந்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கு பண்டமாக விற்று வாங்கும்வரைதான். மிளகைச் சமையலுக்கு இறக்குமதி செய்வது வணிகம். அதே மிளகிலிருந்து புதிய மூலக்கூறைத் தேடுவது ஆய்வு. ரசீது இலையின் விலையைக் கொடுத்ததற்கான சான்று. ஆய்வுக்கான ஒப்புதலை அது தராது.

யாருக்கு ஒப்புதல் தேவை என்பதையும் கவனியுங்கள். வெளிநாட்டுக் குடிமக்களுக்கும் இந்தியாவில் பதிவாகாத நிறுவனங்களுக்கும் மட்டுமல்ல, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் இது பொருந்தும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் பலர் தங்களுக்கு இது இல்லை என்றே நினைக்கிறார்கள். இந்தியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்யும் கூட்டாய்வுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அந்தத் திட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் இருக்க வேண்டும். இரண்டு பேராசிரியர்கள் மின்னஞ்சலில் பேசி முடித்துக்கொண்டது போதாது.

சிறிய தோல்பராமரிப்பு நிறுவனம் ஒன்று மூன்று கிலோ கீழாநெல்லியோடு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் தாவரத்தின் அறிவியல் பெயர், எந்தப் பாகம், எவ்வளவு, எந்த ஊரில் எடுத்தது, என்ன நோக்கம், மரபறிவு எதையாவது பயன்படுத்துகிறார்களா என்றெல்லாம் எழுத வேண்டும். முதல் சிக்கல் பெயரிலேயே வரும். சந்தையில் கீழாநெல்லி என்று விற்பதில், கீழாநெல்லிக்கு உரிய இனமான பில்லாந்தஸ் அமாரஸோடு அதே பேரினத்தின் வேறு இனங்களும் கலந்திருப்பது சாதாரணம். ஒப்புதல் அமாரஸுக்கு, பொட்டலத்தில் இருப்பது வேறு இனம் என்றால் அந்த ஒப்புதல் அந்த இலைக்குப் பொருந்தாது. பூவும் காயும் உள்ள முழுச்செடி மாதிரி ஒன்றைத் தாவரவியலாளரிடம் காட்டி அடையாளம் காண வைத்து, அழுத்திக் காயவைத்துப் பாதுகாப்பதுதான் வழி. பொடியாக வாங்கினால் இதைச் செய்யவே முடியாது.

இரண்டாவது சிக்கல் ஊர். மொத்த வியாபாரி பத்துக் கிராமத்து இலையை ஒரே மூட்டையில் கட்டியிருப்பார். ஆணையம், இலை எடுக்கப்பட்ட இடத்தின் உள்ளாட்சி அளவிலான பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கலந்துகொண்டு, பயன் பகிர்வு நிபந்தனைகளோடு விண்ணப்பதாரருடன் ஒப்பந்தம் போடுகிறது. ஊர் தெரியாவிட்டால் பயன் பகிர்வாகக் கொடுக்கும் பணம் பொது நிதிக்குப் போகும். செடியைப் பறித்துக் காயவைத்துக் கொடுத்தவர்களுக்கு அது நேராகப் போய்ச் சேராது. இந்தச் சட்டத்தின் நியாயமே அங்கேதான் நழுவுகிறது என்பது எங்கள் கருத்து.

காப்புரிமைக்கும் தனியாக ஆணையத்தின் ஒப்புதல் தேவை. விண்ணப்பத்தை எந்த நாட்டில் போட்டாலும் இது பொருந்தும். காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். 2023இல் செய்த திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, ஒரு லட்சம் முதல் ஐம்பது லட்சம் ரூபாய்வரை அபராதம் வைத்திருக்கிறது.

ஆனால் அபராதத்துக்கு முன்பே வேறொரு கதவு மூடிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய வளத்தை ஆய்வு செய்யும் நிறுவனங்கள், அது முறையாகப் பெறப்பட்டதற்கான ஆவணங்களைச் சேர்த்து, பயன்பாடு முடிந்தபின் 20 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே 2014 முதல் சட்டம் இருக்கிறது. ஜெர்மன் கூட்டாளி ஒருவர் உங்கள் சாற்றை மேலும் ஆராய விரும்பினால், முதலில் இந்திய ஒப்புதலைத்தான் கேட்பார். சாற்றை மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கவே ஆணையத்திடம் தனி ஒப்புதல் வேண்டும் என்பதும் பலருக்கு அப்போதுதான் தெரியவரும்.

ஏற்கெனவே தேக்கா பொட்டலத்தில் சோதனை தொடங்கியிருந்தால் இப்போதே நிறுத்தி, மிச்சமுள்ள இலையையும் சாற்றையும் தேதி எழுதிப் பூட்டி வையுங்கள். செய்ததை மறைக்காமல் ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். புதிதாகத் தொடங்குவதற்கு, ஊர் பெயரோடு ரசீது தரக்கூடிய ஒரே விவசாயியைத் தேடி, ஒப்புதல் வந்தபின் அவரிடமிருந்து வாங்குங்கள்.