குடும்ப மருத்துவரின் கிளினிக்கை ‘ஹாஸ்பிட்டல்’ ஆக்காதீர்கள்

கூகுள் மேப்பில் சின்ன கிளினிக்கைப் பதிவு செய்யும்போது, பெரிதாகத் தெரியட்டும் என்று பலர் Hospital என்ற கேட்டகிரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படுக்கை இல்லாத, இரவில் பூட்டிவிடும் இடத்துக்கு அது ஆபத்து. நெஞ்சுவலிக்காரரை அழைத்து வருபவர் பதற்றத்தில் நேரத்தைப் பார்ப்பதில்லை. பூட்டிய கதவு முன்னால் வந்து நிற்பார்.

முதன்மை கேட்டகிரி ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை வைக்கலாம். அதற்காகப் பத்தையும் நிரப்பக்கூடாது. கூகுளின் அளவுகோல் எளிமையானது: கேட்டகிரி ‘இந்த இடம் என்ன’ என்பதைச் சொல்ல வேண்டும், ‘இங்கே என்னென்ன இருக்கிறது’ என்பதை அல்ல.

ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். தினமும் ஒரு குடும்ப மருத்துவர், வாரம் இரண்டு நாள் குழந்தை மருத்துவர், ரத்த மாதிரி எடுக்க ஒரு மேசை, வாசலிலேயே வேறொருவர் நடத்தும் மருந்துக்கடை. இதற்கு முதன்மையாக Medical clinic, கூடுதலாக Family practice physician போதும். Pediatrician சேர்த்தால், மற்ற ஐந்து நாளும் குழந்தையோடு வருபவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அதை ‘சேவைகள்’ பகுதியில் எந்தெந்தக் கிழமை என்று எழுதலாம். மாதிரி எடுத்து வெளியே அனுப்புவதால் இது Medical laboratory ஆகிவிடாது. மருந்துக்கடை தனி நிறுவனம், அதற்குத் தனிப் பதிவுதான் முறை.

விவரிப்புக்கு 750 எழுத்துகள் வரை இடம். தமிழில் எழுதினால் சீக்கிரம் தீர்ந்துவிடும்: ‘கி’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. அதனால் முதல் இரண்டு வாக்கியத்திலேயே காரியம் முடியட்டும்:

“காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு எல்லா வயதினரையும் பார்க்கும் குடும்ப மருத்துவரின் கிளினிக். உள்நோயாளி வசதியும் இரவு அவசர சிகிச்சையும் இங்கு இல்லை.”

இரண்டாவது வாக்கியத்தை எழுதப் பலருக்கு மனம் வராது. ஆனால் நோயாளியைக் காப்பது அதுதான்.

சுற்றியுள்ள பத்துப் பேட்டைகளின் பெயரையும் விவரிப்பில் அடுக்குவதால் பயனில்லை. தூரத்தை கூகுள் முகவரியை வைத்துக் கணக்கிடுகிறது. இணைய முகவரி, தள்ளுபடி, கட்டணம் ஆகியவற்றை விவரிப்பில் போட்டால் நிராகரிக்கப்படலாம். கிளினிக் பெயரோடு ‘சிறந்த சர்க்கரை மருத்துவர்’ என்று ஒட்டுவது இன்னும் மோசம். பலகையில் இல்லாத பெயருக்காகப் பதிவே முடக்கப்படலாம்.

கேட்டகிரியை மாற்றினால் மறுபடி சரிபார்ப்புக் கேட்கக்கூடும், எனவே அடிக்கடி மாற்ற வேண்டாம். சரியாக அமைந்ததா என்பதை, மக்கள் எந்தச் சொல்லைத் தேடி உங்களை அடைந்தார்கள் என்று காட்டும் செயல்திறன் அறிக்கையில் பார்க்கலாம். வரவேற்பில் இருப்பவரிடமும் ஒரு மாதம் குறிக்கச் சொல்லுங்கள்: “பெட் இருக்கா?”, “ஸ்கேன் எடுப்பீங்களா?” என்று எத்தனை அழைப்புகள் வந்தன? அவை தொடர்ந்தால், திருத்த வேண்டிய இடம் கேட்டகிரியா, சேவைப் பட்டியலா, விவரிப்பின் முதல் வரியா என்பது அந்தக் கேள்விகளிலேயே தெரிந்துவிடும்.