ராஜினாமா கடிதத்தோடு ஒரு ஒப்படைப்புத் தாள்

ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தில் ஒரு மாட்யூலை முழுதாகத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒருவர்தான். அவர் விலகும்போது "நோட்டீஸ் காலத்தில் முழு ஒத்துழைப்பு தருகிறேன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், எந்த வேலை எந்த நிலையில் நிற்கிறது என்பது முதலாளிக்குத் தெரியாமலே அந்த 30 நாளும் ஓடிவிடும்.

கடிதத்தையும் ஒப்படைப்புத் திட்டத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். கடிதம் உங்கள் பணிக்கோப்பில் அப்படியே இருக்கப்போவது, திட்டம் வாரத்துக்கு வாரம் மாறக்கூடியது. கடிதத்துக்கு இவ்வளவு போதும்:

"ஐயா, டெவலப்பர் பணியிலிருந்து விலகுகிறேன். நியமனக் கடிதத்தின்படி 30 நாள் நோட்டீஸ். ஜூன் 2 முதல் கணக்கிட்டால் என் கடைசி வேலை நாள் ஜூலை 1. முடியாமல் இருக்கும் மூன்று வேலைகளின் நிலையையும் ஒப்படைக்கும் திட்டத்தையும் இணைத்துள்ளேன். யாரிடம் ஒப்படைப்பது என்பதை ஜூன் 6-க்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் கிடைத்ததை மெயிலில் உறுதிசெய்யவும்."

கடைசி நாளைத் தேதியாகவே எழுதுவது முக்கியம். "இன்றிலிருந்து ஒரு மாதம்" என்று எழுதினால், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற வாக்குவாதம் ரிலீவிங் லெட்டர் வாங்கும் நாளில்தான் கிளம்பும்.

இணைப்பில் பலரும் சறுக்கும் இடம் "80 சதவீதம் முடிந்தது" என்ற வரி. மீதி 20 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்தவருக்குத் தேவை. ஒரு பில்லிங் மென்பொருளில் மூன்று வேலைகள் பாதியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனைத் திரும்பல் மாட்யூலில் டெஸ்டிங் மட்டும்தான் பாக்கி, அதை நீங்களே முடித்துவிடலாம். ரிப்போர்ட் பக்கத்தின் புதிய வடிவம் இப்போதுதான் தொடங்கியது, அதை நிறுத்திவைக்கச் சொல்லலாம். ஒப்படைக்க வேண்டியது பேமென்ட் கேட்வே மாற்றம் ஒன்றுதான். அதற்கான குறிப்பு இப்படி இருக்கட்டும்:

"கோட் `feature/gateway` பிராஞ்சில் இருக்கிறது. டெஸ்ட் சர்வரில் பணம் செலுத்துவது வேலை செய்கிறது. கேட்வே அனுப்பும் வெப்ஹுக் சில நேரம் ஒரே பேமென்ட்டுக்கு இரண்டு முறை வருகிறது, அப்போது இரண்டு ரசீது பதிவாகிறது. பேமென்ட் ஐடி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கும் பகுதியை இன்னும் எழுதவில்லை. அதை எழுதாமல் லைவுக்குக் கொண்டுபோகக் கூடாது."

மூன்றையும் முடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கடைசி வாரத்தில் அவசரமாக லைவுக்குப் போன கோடில் பிழை வெளிப்படும்போது அதை எழுதியவர் அங்கே இருக்க மாட்டார். அந்த வாரத்தில் புதிய கோடே வேண்டாம்.

நாள் ஒதுக்கும்போது முதல் வாரம் எழுதுவதற்கு, இரண்டாம் வாரம் விளக்குவதற்கு. மூன்றாம் வாரம் கீபோர்டு அடுத்தவர் கையில் இருக்க வேண்டும். லைவ் சர்வரில் ஒரு சின்ன மாற்றத்தை ஏற்றுவது, பிறகு அதையே பழைய நிலைக்குத் திருப்புவது, இரண்டையும் அவர் உங்கள் குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யட்டும். அவர் தயங்கி உங்களைப் பார்க்கும் இடமெல்லாம் குறிப்பில் விட்டுப்போன இடம், அப்போதே எழுதிச் சேர்த்துவிடுங்கள். இந்த ஒத்திகை இல்லாத ஒப்படைப்பை முடிந்ததாகக் கொள்ள முடியாது.

குறிப்பிலும் வராத சில விஷயங்கள் லேப்டாப்பிலும் சர்வரிலும் ஒளிந்திருக்கும். முதல் இரண்டு கட்டளைகளை லேப்டாப்பில் ஒவ்வொரு ரெப்போவிலும், மூன்றாவதைச் சர்வரில் உங்கள் பெயரிலும் ஓட்டிப் பாருங்கள்:

```
git stash list
git log --branches --not --remotes --oneline
crontab -l
```

முதலாவது ஒதுக்கிவைத்த மாற்றங்களையும், இரண்டாவது இன்னும் புஷ் செய்யாத கமிட்களையும் காட்டும். லேப்டாப்பை ஃபார்மேட் செய்தால் இரண்டும் போய்விடும். மூன்றாவதில் வருவது உங்கள் யூசர் பெயரில் தானாக ஓடும் வேலைகள். இரவு பேக்கப் அவற்றில் ஒன்றாக இருந்தால், அந்த யூசரை நீக்கியதும் அது நின்றுபோகும், ஆனால் பேக்கப் தேவைப்படும் நாள் வரை அது யாருக்கும் தெரியாது. இவற்றை நிறுவனத்துக்கான பொது யூசருக்கு மாற்றி, ஒரு இரவு ஓடியதை லாக்கில் சரிபாருங்கள்.

டொமைன், ப்ளே கன்சோல், கிளவுட் கணக்கு ஆகியவற்றில் உங்கள் சொந்த மெயிலோ, ஓடிபி வரும் உங்கள் கைப்பேசி எண்ணோ இருந்தால் இரண்டாம் வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். உரிமை மாற்றத்துக்குச் சில இடங்களில் சரிபார்ப்பு நாட்கள் ஆகும். பாஸ்வேர்டுகளை மெயிலிலோ தாளிலோ எழுதாமல் நிறுவனத்தின் பாஸ்வேர்டு மேனேஜரில் சேருங்கள்.

விலகிய பிறகு உதவத் தயாராக இருந்தால் அதற்கும் எல்லை வகுத்து எழுதுங்கள்: "ஜூலை 15 வரை மெயிலில் வரும் கேள்விகளுக்குப் பதில் தருகிறேன், சர்வரில் நுழைந்து வேலை செய்ய இயலாது." கூடவே, கடைசி நாள் மாலை உங்கள் எஸ்எஸ்எச் கீ, கிட் அணுகல், விபிஎன் மூன்றையும் நீக்கி மெயிலில் உறுதிசெய்யச் சொல்லுங்கள். பின்னால் சர்வரில் ஏதாவது நடந்தால் அந்த மெயில்தான் உங்களுக்குச் சாட்சி.