காலையில் துடைத்த இடம் மாலையில் எங்கே போனது?

கோபிச்செட்டிபாளையத்தில் அப்புச்சி வீட்டு ஆண்ட்ராய்டு டிவியில், இடம் போதவில்லை என்ற அறிவிப்பு தினமும் வரும். ரிமோட்டை எடுத்துச் செயலி செயலியாகப் போய் Clear cache அழுத்துவது அவருக்குக் காலைக் காபி போல வழக்கமாகிவிட்டது. "விடிந்ததும் துடைத்தேன், பொழுது சாய்வதற்குள் நிரம்பிவிட்டதே கண்ணு" என்றார்.

பார்த்த படமெல்லாம் டிவிக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பது அவருடைய சந்தேகம். அப்படித் தங்குவதில்லை. கேஷில் பெரும்பாலும் இருப்பது செயலியின் முகப்பில் வரிசைகட்டி நிற்கும் போஸ்டர்களும் பட்டியல்களும்தான். அழித்துவிட்டு மாலையில் செயலியைத் திறந்தால், அதே போஸ்டர்களை அது மறுபடியும் இறக்கி வைத்துக்கொள்ளும்.

டிவியின் அட்டைப்பெட்டியில் 8 ஜிபி என்று போட்டிருந்தது. அதில் இயங்குதளம் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக நமக்கு மிஞ்சியது 4.5 ஜிபி. ஆண்ட்ராய்டின் வழக்கமான அமைப்பில், காலியிடம் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கோ 500 எம்பிக்கோ, இரண்டில் எது குறைவோ அதற்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை கிளம்பும். இங்கே மொத்தம் என்பது அந்த 4.5 ஜிபி என்பதால் அந்தக் கோடு சுமார் 230 எம்பி. காலியாக இருந்ததோ 190. கேஷை அழித்ததும் கோட்டைத் தாண்டி மேலே போகும், மாலையில் கீழே வந்துவிடும்.

110 எம்பி செயலி ஒன்று புதுப்பிக்க முடியாமல் நின்றதும் இதனால்தான். புதிய கோப்பு முழுவதும் இறங்கி, பிரிந்து, நிறுவப்படும்வரை பழையது இடத்தைக் காலி செய்யாது. புது வீடு கட்டி முடியும்வரை பழைய வீட்டை இடிக்காத கணக்கு.

உண்மையில் இடத்தைத் தின்றவை அப்புச்சி ஒருநாளும் திறக்காத மூன்று செயலிகள். தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியவை என்பதால் அவற்றின் மூலப்பிரதி இயங்குதளப் பகுதியில் இருக்கிறது. அதை நீக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பும் மூலப்பிரதியின்மேல் எழுதப்படாமல், நம்முடைய 4.5 ஜிபிக்குள் தனிப் பிரதியாக உட்கார்ந்துகொள்கிறது. ஆக, ஒரே செயலி இரண்டு முறை இருக்கிறது. இதை யார் சொல்லித் தருகிறார்கள்?

Settings, Apps, See all apps என்று போய், அந்த மூன்றிலும் Uninstall updates கொடுத்தேன். உடனே Disable கொடுப்பதும் அவசியம். இல்லாவிட்டால் ப்ளே ஸ்டோர் அன்றிரவே புதுப்பிப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். சில செயலிகளில் Disable பொத்தானே இருக்காது; அவற்றை விட்டுவிட வேண்டியதுதான். பக்கத்திலேயே இருக்கும் Clear data பக்கம் மட்டும் கை போகக் கூடாது. கேஷோடு கணக்கு விவரமும் அழிந்து, ரிமோட்டில் எழுத்தெழுத்தாகக் கடவுச்சொல் அடிக்க நேரும்.

காலியிடம் 640 எம்பி ஆனது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது போஸ்டர்கள் 160 எம்பியைத் திரும்ப நிரப்பியிருந்தன. அறிவிப்பு மட்டும் வரவில்லை.