சொல் விளக்கம்: ஸ்கொயர் ரூட் டிகம்போசிஷன் – வர்க்கமூலப் பகுப்பு

பெயரைக் கேட்டால் வர்க்கமூலத்தைப் பிரிப்பதுபோல் தோன்றும். உண்மையில் பிரிக்கப்படுவது அணி. n உறுப்புகள் கொண்ட அணியை √n நீளமுள்ள தொகுதிகளாக வெட்டுவதால் வந்த பெயர் இது. டிகம்போசிஷன் என்பதற்கு அகராதி தரும் 'சிதைவு' வேதியியலுக்குத்தான் பொருந்தும். இங்கே எதுவும் சிதைவதில்லை என்பதால் 'வர்க்கமூலப் பகுப்பு' என்பதே சரி.

ஓர் அணியில் 16 எண்கள், தொகுதிக்கு நான்கு:

```
3 1 4 1 | 5 9 2 6 | 5 3 5 8 | 9 7 9 3
   9        22        21        28
```

கீழே இருப்பவை தொகுதிகளின் கூட்டுத்தொகைகள். இடங்களை 0 முதல் எண்ணினால், 2 முதல் 13 வரையிலான கூட்டுத்தொகைக்கு இடது ஓரத்தில் 4+1, நடுவில் 22+21, வலது ஓரத்தில் 9+7. ஆக 64. ஓர் எண்ணை மாற்றினால், அதன் தொகுதித் தொகையில் வித்தியாசத்தைச் சேர்த்தால் போதும். இதே வேலையைச் செய்யும் மர அமைப்பான செக்மென்ட் ட்ரீயைப் போல தற்சுழற்சி அழைப்புகளோ, நான்கு மடங்கு நினைவகமோ தேவையில்லை.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: வினவலின் தொடக்க இடம் l, முடிவிடம் r இரண்டும் ஒரே தொகுதிக்குள் விழுவது. 5 முதல் 6 வரை கேட்டால் விடை 9+2 = 11. இதைத் தனியாகக் கவனிக்காத நிரல் 5 முதல் தொகுதி முடிவு வரையும், தொகுதித் தொடக்கம் முதல் 6 வரையும் கூட்டி 33 என்று சொல்லும். நீண்ட வினவல்களுக்குச் சரியாகவும் குறுகியவற்றுக்கு மட்டும் தவறாகவும் விடை வந்தால், முதலில், தொகுதியின் நீளம் B என்று கொண்டு, `l/B == r/B` என்ற சோதனை இருக்கிறதா என்று பாருங்கள்.

தொகுதியின் நீளம் B ஏன் √n ஆக வேண்டும்? ஒரு வினவல் நடுவில் அதிகபட்சம் n/B தொகுதிகளையும், இரு ஓரங்களில் ஏறத்தாழ 2B உறுப்புகளையும் தொடும். B-ஐக் குறைத்தால் முதலாவது வீங்கும், கூட்டினால் இரண்டாவது வீங்கும். n = 1,00,000 என்றால் √n ஏறத்தாழ 316; மொத்தம் 948 படிகள். கறாராகக் கணக்கிட்டால் √(n/2), அதாவது 224-தான் சிறந்தது. அதில் 894 படிகள். இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் 256 என்று மாறிலியாகவே எழுதிவிடுவேன்: இரண்டின் அடுக்கு என்பதால் வகுத்தல் வெறும் பிட் நகர்த்தலாகிவிடும்.

ஆனால் வினவல் மாறினால் B-யும் மாற வேண்டும். 'இந்த வீச்சில் x-ஐவிடச் சிறியவை எத்தனை?' என்பதற்கு ஒவ்வொரு தொகுதியையும் வரிசைப்படுத்திய நகலாக வைத்துக்கொண்டு இருமத் தேடல் செய்வோம். இப்போது ஒரு முழுத் தொகுதியைத் தொடும் செலவு ஒன்றல்ல, log B. தொகுதிகள் விலையேறியதால் அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதே ஒரு லட்சத்துக்கு B 700 முதல் 1,000 வரை இருப்பது நல்லது.

உறுப்புகளும் வினவல்களும் பத்து லட்சம் வீதம் இருந்தால் படிகள் நூறு கோடியைத் தாண்டும். அங்கே செக்மென்ட் ட்ரீயே எழுதுங்கள்.