குறைஞ்ச குவிஸை கழிச்சா ஃபைனல்ல எவ்வளவு எடுக்கணும்?

நிறைய கோர்ஸ்ல சிலபஸ்லயே ஒரு வரி போட்டிருப்பாங்க, எழுதுன குவிஸ்ல எதுல மார்க் ரொம்ப கம்மியோ அது ஒன்னை கணக்குல சேர்க்க மாட்டோம்னு. இதைப் படிச்சதும் எல்லாரும் சந்தோஷப்படுறாங்க, ஆனா அதுக்கப்புறம் தன்னோட கிரேடு எவ்வளவு மாறுது, ஃபைனல்ல எடுக்க வேண்டியது எவ்வளவு குறையுதுன்னு சரியா கணக்குப் போடுறவங்க கம்மி. தப்பா போட்டா ரெண்டு பக்கமும் நஷ்டம், ஒன்னு தேவையில்லாம பயப்படுவோம், இல்லைன்னா தேவைக்கு மேல தைரியமா இருந்துட்டு கடைசில அரை மார்க்ல விட்டுடுவோம்.

ஒரு கணக்கை எடுத்துப்போம். குவிஸுக்கு 30 சதவீதம் வெயிட்டேஜ், அசைன்மென்ட்டுக்கு 20, மிட்டெர்முக்கு 20, ஃபைனலுக்கு 30. ஒவ்வொரு குவிஸும் 20 மார்க்குக்கு, இதுவரைக்கும் அஞ்சு முடிஞ்சிருக்கு, மார்க் 17, 14, 6, 18, 15. மூணாவதுல சொதப்பியாச்சு. அசைன்மென்ட்ல 85 சதவீதம், மிட்டெர்ம்ல 65 சதவீதம். மொத்தத்துல 75 வரணும், அதான் டார்கெட்.

எதையும் கழிக்காம பார்த்தா அஞ்சு குவிஸும் சேர்ந்து 100க்கு 70. கழிச்சா 6 போயிடும், மீதி 64. இங்கதான் முதல் தப்பு நடக்குது, மேல இருக்கற 6ஐ மட்டும் எடுத்துட்டு கீழ 100ஐ அப்படியே வெச்சுடுறாங்க, அப்புறம் 64 சதவீதம்னு வருது, "கழிச்சதுக்கு அப்புறம் குறைஞ்சிடுச்சே"ன்னு குழம்பிப் போறாங்க. அந்த குவிஸோட 20 மார்க்கும் சேர்ந்தே போகணும், அப்ப 80க்கு 64, அதாவது 80 சதவீதம். கழிச்சதுக்கு அப்புறம் குவிஸ் சராசரி குறைஞ்சிருந்தா கணக்கு எங்கயோ தப்புன்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம்.

இப்ப மொத்தத்துக்கு வருவோம். கழிக்காதப்ப குவிஸ்ல இருந்து 70ல 30 சதவீதம், 21 மார்க். அசைன்மென்ட்ல இருந்து 17, மிட்டெர்ம்ல இருந்து 13, ஆக 51. 75க்கு இன்னும் 24 வேணும், அதை 30ல எடுக்கணும்னா ஃபைனல்ல 80 சதவீதம். கழிச்சா குவிஸ்ல 24 ஆகுது, மொத்தம் 54, இன்னும் 21 போதும், அது ஃபைனல்ல 70 சதவீதம். ஒரு குவிஸை கழிச்சதால ஃபைனல் டார்கெட் 80ல இருந்து 70க்கு இறங்கிடுச்சு.

எவ்வளவு இறங்கும்னு சீக்கிரமா பார்க்கணும்னா குவிஸ் சராசரி எத்தனை ஏறுதோ அதை குவிஸ் வெயிட்டேஜால பெருக்கி ஃபைனல் வெயிட்டேஜால வகுத்தா போதும். இங்க ரெண்டும் 30ங்கறதால 10 ஏறுனதுக்கு 10 இறங்குச்சு. அதே கோர்ஸ்ல குவிஸுக்கு வெறும் 10 சதவீதம், ஃபைனலுக்கு 50 சதவீதம்னு இருந்தா இதே 10 ஏறுனதுக்கு ஃபைனல் டார்கெட் 2 தான் இறங்கும், அதனால அடுத்தவங்களுக்கு எவ்வளவு குறைஞ்சுதுன்னு கேட்டு நாம முடிவு பண்ணக்கூடாது.

இனிமேதான் ரொம்ப கவனமா பார்க்க வேண்டிய விஷயம். இன்னும் ஆறாவது குவிஸ் ஒன்னு பாக்கி இருக்குன்னு வெச்சுப்போம். "குறைஞ்சதை எப்படியும் எடுத்துடுவாங்க, அதனால இதை எழுதாம விட்டுடலாம்"னு சொல்றவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா கழிக்கிறது ஒன்னே ஒன்னு தான், அந்த இடத்துல ஏற்கனவே அந்த 6 உட்கார்ந்திருக்கு. ஆறாவதுக்குப் போகலைன்னா அதுக்கு 0, இப்ப ரொம்ப குறைஞ்சது அந்த 0 தான், அது கழிஞ்சு போயிடும், 6 திரும்ப கணக்குக்குள்ள வந்துடும். மறுபடியும் 100க்கு 70, மறுபடியும் ஃபைனல்ல 80 எடுக்கணும். குறைஞ்சிருந்த 10ம் மொத்தமா போச்சு.

எழுதுனா எப்படி மாறுதுன்னு பாருங்க. ஆறாவதுல 6 வரைக்கும் எவ்வளவு எடுத்தாலும் ஒன்னு தான், 0 எடுத்தாலும் 6 எடுத்தாலும் ஃபைனல் டார்கெட் 80 தான், அதுக்கு மேல ஏறாது. 6ஐத் தாண்டுனதுக்கு அப்புறம் ஒவ்வொரு மார்க்கும் ஃபைனல் டார்கெட்டை ஒரு சதவீதம் குறைக்கும். 12 எடுத்தா ஃபைனல்ல 74, 16 எடுத்தா 70, முழுசா 20 எடுத்தா 66. அதாவது இந்த கணக்குல 6க்கு மேல எடுத்தா, 86ல இருந்து ஆறாவது குவிஸ் மார்க்கை கழிச்சா தேவையான ஃபைனல் சதவீதம் வந்துடும். அஞ்சு குவிஸ் முடிஞ்சப்ப 70ன்னு பார்த்தோமே, அதைக் கையில வெச்சிருக்கணும்னாலே ஆறாவதுல 16 எடுத்தாகணும். செமஸ்டர் நடுவுல போர்ட்டல்ல கழிச்சுட்டு காட்டுற கிரேடு அன்னைக்கு நிலவரம் மட்டும் தான், குவிஸ் பாக்கி இருக்கற வரைக்கும் அது மாறிட்டே இருக்கும்.

சொந்தமா ஷீட்ல போட்டுப் பார்க்கறவங்க இந்த ஃபார்முலாவை வெச்சுக்கலாம், மார்க் B2ல இருந்து B6 வரைக்கும் இருக்கணும், எல்லாமே 20 மார்க் குவிஸா இருக்கணும்:

```
=(SUM(B2:B6)-MIN(B2:B6))/((COUNT(B2:B6)-1)*20)
```

இதுல ஒரு வலை இருக்கு. மூணாவது குவிஸுக்கு ஆப்சென்ட்னு வெச்சு அந்த செல்லை காலியா விட்டீங்கன்னா MIN, COUNT ரெண்டுமே காலி செல்லை எண்ணாது. அப்ப ஆப்சென்ட் ஆனதும் கணக்குல இல்ல, அதோட 14ம் சேர்ந்து கழிஞ்சு போயிடும், 60க்கு 50, ஏறக்குறைய 83.3 சதவீதம்னு காட்டும். 0ன்னு டைப் பண்ணுனா சரியான 80 வரும். போர்ட்டல்லயும் இதே கதை தான், மார்க் போடாத குவிஸ் கோடு மாதிரியோ காலியாவோ தெரிஞ்சா கிரேடு உண்மைல இருக்கறதை விட அதிகமா தெரியலாம், அதை 0ன்னு நினைச்சு ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க. மெடிக்கல் லீவ் மாதிரி உண்மையாவே விலக்கு குடுத்திருந்தா அது வேற, அப்ப காலியா விடுறது தான் சரி, கழிக்கிற வாய்ப்பும் தனியா மிச்சம் இருக்கும்.

குவிஸ் எல்லாம் ஒரே மார்க்குக்கு இல்லைன்னா மேல இருக்கற ஃபார்முலா செல்லாது, எதை குறைஞ்சதுன்னு சொல்றதே சிக்கல். 50க்கு 40, 50க்கு 15, 5க்கு 1னு மூணு இருக்குன்னா சதவீதத்துல குறைஞ்சது அந்த 5க்கு 1 தான், ஆனா மார்க்கைக் கூட்டி சராசரி எடுக்கற கோர்ஸா இருந்தா அதை கழிச்சா 100க்கு 55 தான் கிடைக்கும், அதுக்கு பதிலா 50க்கு 15ஐ கழிச்சா 55க்கு 41, ஏறக்குறைய 74.5 சதவீதம். இந்த மாதிரி கோர்ஸ்ல மார்க்கைப் பார்த்து கழிப்பாங்களா, சதவீதத்தைப் பார்த்து கழிப்பாங்களா, இல்ல ஸ்டூடன்ட்டுக்கு எது அதிகம் வருதோ அதை எடுப்பாங்களான்னு ஃபைனலுக்கு முன்னாடியே டீச்சர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கங்க, அந்தப் பதில் தெரியாம டார்கெட் போட முடியாது.