பத்தைத் தாண்டினால் தூக்கிவிடலாமா?

சென்ற மாதம் ஆய்வு மாணவி ஒருவர் தன் ரிக்ரஷன் மாடலைக் கொண்டுவந்து காட்டினார். ஆறு மாறிகளில் ஐந்தை நீக்கியிருந்தார். "வி.ஐ.எஃப். பத்துக்கு மேல போனதையெல்லாம் எடுத்துட்டேன் சார்" என்றார். மற்ற மாறிகளோடு ஒட்டியிருப்பதால் ஒரு மாறியின் கெழுவின் வேரியன்ஸ் எத்தனை மடங்கு வீங்குகிறது என்று சொல்லும் எண்தான் வி.ஐ.எஃப். மிஞ்சியிருந்த ஒரே மாறியை வைத்து அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. இந்த வெட்டு வேலையை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் அன்று அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே எழுதுகிறேன். R வைத்திருக்கும் எவரும் உடனே செய்து பார்க்கலாம்.

அவர் எடுத்துக்கொண்ட `longley` என்ற தரவு R-இல் கூடவே வருகிறது. 1947 முதல் 1962 வரையிலான அமெரிக்கப் பொருளாதாரப் புள்ளிவிவரம் அது. மொத்தம் 16 வரிசைகள். கணினி மென்பொருள்கள் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் கணக்கை எவ்வளவு துல்லியமாகப் போடுகின்றன என்று சோதிக்க ஜேம்ஸ் லாங்லி 1967-இல் பயன்படுத்தியது. வேலையில் இருப்போர் எண்ணிக்கையை ஆறு மாறிகளால் விளக்க வேண்டும். அவற்றின் வி.ஐ.எஃப். இப்படி வரும்: மொத்த தேசிய உற்பத்தியான ஜி.என்.பி. 1789, ஆண்டு 759, மக்கள்தொகை 399, விலைக் குறியீடு 136, வேலையில்லாதோர் 34, ராணுவத்தினர் 3.6.

பத்து என்ற கோட்டை வைத்து வெட்டினால் ராணுவத்தினர் மட்டும்தான் மிஞ்சுவார்கள். ஆனால் முழு மாடலின் முடிவைப் பாருங்கள். வி.ஐ.எஃப். 34 உள்ள வேலையில்லாதோர் மாறியின் t மதிப்பு −4.1. ஆண்டின் t மதிப்பு 4.0. இரண்டுமே தெளிவாக மதிப்பிடப்பட்டிருக்கின்றன. மாடல் நன்றாகப் பொருந்தி, எஞ்சிய பிழை சிறிதாக இருந்தால், வீங்கிய வேரியன்ஸும் வேலைக்கு ஆகுமளவு சிறிதாகவே இருக்கும். வி.ஐ.எஃப். சொல்வது 'எத்தனை மடங்கு வீங்கியது' என்பதை மட்டும்தான்; வீங்கிய பிறகும் போதுமா என்பதை அது சொல்வதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் ஐந்து பெரிய எண்கள் இருக்கின்றன. ஐந்து மாறிகளும் ஒரே சிக்கலில் மாட்டியிருக்கின்றனவா, இல்லை இரண்டு மூன்று தனித்தனிச் சிக்கல்களா? யாரோடு யார் பிணைந்திருக்கிறார்கள்? வி.ஐ.எஃப். ஒவ்வொரு மாறிக்கும் ஒரேயொரு எண்ணைத் தருவதால் இந்தக் கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. பெல்ஸ்லி, கூ, வெல்ஷ் மூவரும் 1980-இல் விரிவாக எழுதிய கண்டிஷன் இண்டெக்ஸ் முறையை நான் கையில் எடுப்பது இதற்காகத்தான்.

```r
X <- model.matrix(Employed ~ ., data = longley)
Z <- sweep(X, 2, sqrt(colSums(X^2)), "/")
s <- svd(Z)
round(max(s$d) / s$d, 1)
phi <- sweep(s$v^2, 2, s$d^2, "/")
tab <- t(phi / rowSums(phi))
colnames(tab) <- colnames(X)
round(tab, 3)
```

இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு நிரலையும் நீளம் ஒன்று ஆகும்படி அது சுருக்குகிறது. சுருக்காவிட்டால், நிரல்கள் எவ்வளவு பிணைந்திருக்கின்றன என்று காட்டும் கண்டிஷன் நம்பர் உங்கள் அலகுகளைப் பொறுத்து மாறும். டாலரை மில்லியன் டாலராக்கினால் எண்ணும் மாறிவிடும். பைத்தானின் `statsmodels` இதே லாங்லி தரவுக்கு `4.86e+09` என்று அச்சிட்டு எச்சரிப்பது சுருக்காமல் கணக்கிட்ட எண்தான். அதைப் பார்த்து மிரள வேண்டாம், அதை வைத்து முடிவும் எடுக்க வேண்டாம். இன்னொன்று: கண்டிஷன் இண்டெக்ஸ் என்பது மிகப்பெரிய ஐகன் மதிப்பை மற்ற ஐகன் மதிப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தது. சிலர் வர்க்கமூலம் எடுக்காமலே எழுதுகிறார்கள். முப்பது என்ற வழக்கமான எல்லை, வர்க்கமூலம் எடுத்த எண்ணுக்கு உரியது.

வரும் கண்டிஷன் இண்டெக்ஸ்கள் ஏழு: 1, 9.1, 12.3, 25.3, 230, 1048, 43275. முப்பதைத் தாண்டியவை மூன்று. ஆக, மாட்டியிருக்கும் மாறிகள் ஐந்தானாலும் பிணைப்புகள் மூன்று. எந்தப் பிணைப்பில் யார் என்பதை அடுத்து வரும் வேரியன்ஸ் பங்கு அட்டவணை காட்டுகிறது. ஒரு மாறியின் வேரியன்ஸில் எவ்வளவு பங்கு எந்த வரிசையிலிருந்து வருகிறது என்று அதில் இருக்கும்; ஒவ்வொரு நிரலையும் கூட்டினால் ஒன்று வரும்.

கடைசி வரிசையில், அதாவது 43275-இல், இண்டர்செப்ட் 1.000, ஆண்டு 1.000, வேலையில்லாதோர் 0.689, ஜி.என்.பி. 0.655. 1048 வரிசையில் மக்கள்தொகை 0.831, விலைக் குறியீடு 0.505. 230 வரிசையில் விலைக் குறியீடு 0.457, வேறு யாரும் பெரிதாக இல்லை. ஒரே வரிசையில் இரண்டு மாறிகளாவது 0.5-ஐத் தாண்டினால்தான் பிணைப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு படித்தால் இந்த 230 கண்ணில் படாது. விலைக் குறியீட்டின் வேரியன்ஸை இரண்டு பிணைப்புகள் பிரித்துக்கொண்டதால்தான் ஒன்றில் பங்கு குறைந்து தெரிகிறது. பலமான பிணைப்பு பலவீனமானதை இப்படி மறைப்பது வழக்கம்.

இனி அந்த 43275. இண்டர்செப்ட் என்பது எல்லா வரிசையிலும் 1 என்ற எண்ணே உள்ள நிரல். ஆண்டு நிரலோ 1947-இலிருந்து 1962 வரை. பூஜ்யத்திலிருந்து பார்த்தால் அதுவும் கிட்டத்தட்ட மாறாத நிரல்தான். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வி.ஐ.எஃப். கணக்கு சராசரியைக் கழித்துவிட்டுத் தொடங்குவதால் இந்தப் பிணைப்பை அது பார்ப்பதே இல்லை. மாடலின் இண்டர்செப்ட் −3482 மில்லியன் பேர் என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆண்டிலிருந்து 1954.5-ஐக் கழித்துவிட்டு மாடலை மறுபடி ஓட்டுங்கள். இண்டர்செப்ட் மாறும், ஆறு மாறிகளின் கெழுக்களும் அவற்றின் திட்டப்பிழைகளும் அப்படியே இருக்கும். எல்லா மாறிகளையும் மையப்படுத்தி, இண்டர்செப்டை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் கண்டிஷன் நம்பர் ஏறத்தாழ 110. மையப்படுத்துவது நோயைத் தீர்க்கிறதா, மறைக்கிறதா என்று 1984-இல் பெல்ஸ்லி கிளப்பிய விவாதம் காரசாரமானது. என் பழக்கம் இது: பூஜ்யத்துக்கு அர்த்தமே இல்லாத மாறியை மட்டும் அர்த்தமுள்ள தொடக்கத்துக்கு நகர்த்துவேன், மற்றவற்றை இருந்தபடி வைத்து, இண்டர்செப்டையும் சேர்த்தே கணக்கிடுவேன். பூஜ்யம் உண்மையான அளவாக இருக்கும் மாறியை மையப்படுத்தினால், கேட்க வேண்டிய எச்சரிக்கையே கேட்காமல் போய்விடும்.

அந்த 110 தான் இந்தத் தரவின் உண்மையான நோய். ஜி.என்.பி.யின் கெழு −0.036 என்று எதிர்மறையாக வருகிறது. உற்பத்தி கூடினால் வேலை குறையும் என்று படிக்கச் சொல்கிறது. மாணவி இதைத்தான் முதலில் கேட்டார். "அப்ப மக்கள்தொகையையும் விலைக் குறியீட்டையும் எடுத்துட்டா சரியாகிடுமா சார்?" என்றார்.

எடுத்துப் பார்த்தோம். R²-இல் அசைவே இல்லை, 0.9955 என்பது 0.9954 ஆனது. ஜி.என்.பி.யின் கெழு −0.040 ஆனது, அதே எதிர்மறை, இப்போது t மதிப்பு −2.4 வேறு. அட்டவணை இதை முன்பே சொல்லியிருந்தது: அந்த இரண்டு மாறிகளும் 1048 வரிசைக்காரர்கள். ஜி.என்.பி. பிணைந்திருப்பது ஆண்டோடு, இரண்டுக்கும் ஒட்டுறவு 0.995. அந்த 16 ஆண்டுகளில் உற்பத்தியும் காலமும் சேர்ந்தே ஏறின. காலம் நிற்க உற்பத்தி மட்டும் ஏறிய ஆண்டு தரவில் கிட்டத்தட்ட இல்லை. மாணவியின் அறிக்கையில் இப்போது ஐந்து மாறிகளும் திரும்பி வந்துவிட்டன. ஜி.என்.பி., ஆண்டு இரண்டின் தனித்தனி விளைவை இந்தத் தரவிலிருந்து பிரிக்க முடியாது என்று அவற்றின் கெழுக்களுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்.