எழுத்தால் முகம் வரையும்போது கண் காணாமல் போவது ஏன்?

மேல மாசி வீதிப் பக்கம் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி வந்தார். அப்பத்தா இறந்து வருடம் ஆகப்போகிறது, நினைவு நாளுக்கு அவர் முகத்தை எழுத்தாலேயே செய்து ஃபிரேம் போட வேண்டும் என்றார். வேறொரு கடையில் செய்து வாங்கிய ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்து மங்கல். தள்ளி வைத்தால் மூடுபனிக்குள் யாரோ நிற்பது மாதிரி இருந்தது. கண் இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை.

என்ன நடந்தது என்பது பார்த்ததும் தெரிந்தது. பக்கம் முழுக்க ஒரே கனத்தில் எழுத்தை நிரப்பி, அதற்குள் போட்டோவைச் செருகிவிட்டார்கள். அஞ்சு நிமிட வேலை. ஆனால் எழுத்துக்கு நடுவில் உள்ள வெள்ளைத் தாள் அப்படியே இருக்கிறது. சாதாரண கனமுள்ள எழுத்து தாளில் சிறு பங்கைத்தான் மறைக்கும். அந்தச் சிறு பங்குக்குள் போட்டோ எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெளிர் சாம்பல்தான்.

நான் செய்யும் முறை வேறு. மை ஒன்றே ஒன்று, முழுக் கறுப்பு. எழுத்தின் கனம்தான் மாறும். நெற்றியில் வெளிச்சம் விழுந்த இடத்தில் மெல்லிய எழுத்து, கன்னத்துக்குக் கீழே நடுத்தரம், கண்மணியில் மிகத் தடித்தது. இதற்கு ஒரே எழுத்துரு பல கனங்களில் கிடைக்க வேண்டும். `Noto Sans Tamil` 100 முதல் 900 வரை ஒன்பது படிகளில் கிடைக்கிறது. நம் டிடிபி கடைகளில் புழங்கும் பழைய எழுத்துருக்களில் பெரும்பாலும் சாதாரணம், போல்டு என்று இரண்டுதான். இரண்டு படியை வைத்துக்கொண்டு மூக்கின் நிழலைக் கொண்டுவர முடியாது.

ஒன்பது கனங்களையும் முதலில் சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சடித்துப் பார்ப்பேன். மிக மெல்லியது தாளில் பத்தில் ஒரு பங்கைக்கூட மறைக்கவில்லை. மிகத் தடித்ததும் பாதியைத் தொடவில்லை. தமிழில் மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் குறியும் இருப்பதால் வரிகளை ரொம்ப நெருக்க முடியாது. அதனால் நம்மிடம் இருப்பது வெளிர் சாம்பலிலிருந்து நடுச் சாம்பல் வரைதான். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, பின்னணியை வெட்டி எறிந்து, முகத்தின் மிக இருண்ட இடம் 900-க்கும் மிக வெளிச்சமான இடம் 100-க்கும் வரும்படி இழுத்து விட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முகம் முழுக்க நாலைந்து கனங்களுக்குள்ளேயே அடைந்துவிடும்.

தம்பி இரண்டு போட்டோ காட்டினார். ஒன்று கல்யாண மண்டபத்தில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த தெளிவான படம். இன்னொன்று போனில் எடுத்தது. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு பக்கமாக வெயில். முகம் முந்நூறு புள்ளி உயரம்கூட இராது. “இது தெளிவா இல்லையேண்ணே” என்றார். நான் அதைத்தான் எடுத்தேன். ஓர் எழுத்துக்கு ஒரு சாம்பல் அளவு கிடைத்தால் போதும், அதற்கு மேல் நுணுக்கம் இருந்தாலும் எழுத்தால் காட்ட முடியாது. ஆனால் ஃப்ளாஷ் படத்தில் நிழலே இல்லை. நிழல் இல்லாத முகத்தில் எந்த எழுத்தைத் தடிக்க வைப்பது?

இனி அளவு. தாள் 12-க்கு 18 அங்குலம். ஓரம் போக எழுத்துக்கு 280-க்கு 430 மில்லிமீட்டர். எழுத்து 6 பாயிண்ட், வரிக்கு வரி 2.1 மில்லிமீட்டர். சுமார் 205 வரி, வரிக்குச் சராசரி 147 எழுத்து, மொத்தம் கிட்டத்தட்ட 30,000. நெற்றியிலிருந்து தாடை வரை 290 மில்லிமீட்டர். திறந்த கண்ணின் உயரம் முகத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான், அதனால் கண்ணுக்கு ஏழு வரி கிடைத்தது. ஆறுக்குக் குறைந்தால் நான் ஒத்துக்கொள்வதில்லை. இதையே ஏ4 தாளில், 3 மில்லிமீட்டர் இடைவெளியில் செய்தால் கண்ணுக்கு மூன்று வரி. இமை, மணி, கீழ்க்கோடு, அவ்வளவுதான். பார்வை வராது. தம்பி வேறொரு கடையில் வாங்கிய படத்தில் நடந்ததில் பாதி இதுதான்.

வாசகம் அப்பத்தா பேசியதே. போனில் பதிவாகியிருந்ததை, “ஏலே சாப்புட்டியா” உட்பட, தம்பி தட்டச்சு செய்திருந்தார். சுமார் 4,200 எழுத்து. ஏழு தடவை திரும்ப வரும்.

எழுத்தை எழுத்தாகப் பிரிப்பதில்தான் தமிழ் காலை வாரும். கணினிக்கு ‘மீனாட்சி’ நான்கு எழுத்து இல்லை, எட்டுக் குறி. குறிக்குக் குறி கனத்தை மாற்றினால் கொம்பு ஒரு கனம், மெய் ஒரு கனம் என்று பிய்ந்து, நடுவில் புள்ளி வட்டம் வந்து நிற்கும். நான் பைத்தானில் இப்படிப் பிரிக்கிறேன். `dark` என்பது அந்த இடத்தின் இருட்டு, 0 முதல் 1 வரை:

```python
import regex
letters = regex.findall(r"\X", text)   # மீ, னா, ட், சி
weight = 100 + 100 * round(dark * 8)
```

இதிலும் க்ஷ, ஸ்ரீ இரண்டும் பிரிந்து போகும். அவற்றைக் கையால் சேர்த்து விடுகிறேன். இன்னொன்று, எழுத்து தடிக்கும்போது அகலமும் கூடும். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் வரி போகப் போக விலகி, வலது கண் காதுக்குப் போய்விடும். ஒவ்வோர் எழுத்தையும் வைத்த பிறகு அதன் உண்மையான அகலத்தைக் கூட்டி, அடுத்தது எங்கே விழுகிறதோ அந்த இடத்தின் இருட்டைப் பார்த்துத்தான் கனத்தை முடிவு செய்ய வேண்டும்.

முதல் மாதிரி அச்சைச் சுவரில் ஒட்டி விட்டு, நாலு மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன். அந்தத் தூரத்தில் இந்த அளவு வரிகள் கலந்து முகமாகிவிடும். முகம் வந்திருந்தது, ஆனால் இடது கண் பூ விழுந்த கண் மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் கண்மணியில் அடுத்தடுத்த மூன்று வரிகளில் சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளி ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்திருக்கிறது. அந்த மூன்று வரிகளின் தொடக்கத்தை இரண்டு, மூன்று எழுத்து நகர்த்தியதும் கண் திறந்தது. எந்த நிரலும் இதைச் சொல்லாது, தள்ளி நின்று பார்க்கும் ஆள்தான் சொல்ல வேண்டும்.

அச்சில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு போட்டோ லேபுக்கு 300 டிபிஐ ஜேபெக்காக அனுப்பினேன். அந்த அளவில் ஒரு புள்ளி 0.085 மில்லிமீட்டர். 6 பாயிண்டில் மிக மெல்லிய எழுத்தின் கோடு அதைவிட ஒல்லி. நெற்றியும் கன்னமும் வெறும் அழுக்காக வந்தன. தப்பு லேபுடையது இல்லை, என்னுடையது. இப்போது எழுத்தை அவுட்லைனாக மாற்றி, பி.டி.எஃப் ஆகத்தான் கொடுக்கிறேன், அதுவும் கறுப்பு மை மட்டும். நாலு மை கலந்த கறுப்பு ஒரு நூல் விலகினாலும் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும், ‘ண’-வின் சுழி அடைத்துக்கொள்ளும். ஃப்ளெக்ஸில் கேட்பவர்களிடம் எழுத்தை ஒரு அங்குலத்துக்குப் பெரிதாக்கினால்தான் சரி வரும் என்று சொல்லி விடுகிறேன்.

ஃபிரேம் போட்டுக் கொடுத்தாயிற்று. நினைவு நாளன்று தம்பி போனில் படம் அனுப்பினார். முகம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் அப்பத்தா எப்போதும் சொல்லும் ஒரு வரியை அவர் ஆசைப்பட்டுக் கேட்டு, வலது கீழ் மூலையில் வைத்திருந்தேன். அதன் மேல் சம்பங்கி மாலை தொங்குகிறது. இப்போதெல்லாம் மாலை எவ்வளவு அகலம் போடுவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வரியை எங்கே வைப்பது என்று பார்க்கிறேன்.